'ஓடி நுழைந்தான்' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? அடிக்கடி வரும் கேள்விகள்

ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பெரும்பாலான இறந்தகால வினைகளில் (என்த்ரோ, ஸாலியோ, க்ரூஸோ) கடைசி அசையை அழுத்திச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஹீ ரான் இன்டு த ஹவுஸ்'. 'ரான்' என்பதற்கு அகராதியில் 'கொர்ரியோ' என்று இருக்கிறது. அதைப் போட்டால் ஏன் தவறு என்கிறார்கள்?

சரியான வாக்கியம் 'என்த்ரோ கொர்ரியெந்தோ என் லா காஸா'. 'என்த்ரோ' என்றால் நுழைந்தான், 'கொர்ரியெந்தோ' என்றால் ஓடியபடி, 'என் லா காஸா' என்றால் வீட்டுக்குள். நுழைந்ததுதான் முதன்மை வினை, ஓட்டம் அதோடு ஒட்டி வரும் தகவல்.

நீங்கள் நினைத்த 'கொர்ரியோ தென்த்ரோ தெ லா காஸா' என்பதிலும் இலக்கணப் பிழை இல்லை, அதனால்தான் இந்தத் தவறு நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஸ்பானிஷ்காரர் அதைக் கேட்டால், அவன் முதலிலேயே வீட்டுக்குள் இருந்தான், அங்கேயே கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருந்தான் என்றுதான் புரிந்துகொள்வார். வெளியிலிருந்து உள்ளே வந்த சேதி அதில் இல்லை.

ஏன் இப்படி? ஸ்பானிஷின் தனி விசித்திரமா?

இல்லை. ஒரு நகர்வைச் சொல்லும்போது இரண்டு தகவல்கள் கையில் இருக்கின்றன: எந்தத் திசையில், எந்த வழியாகப் போனான் என்பது ஒன்று, எப்படிப் போனான் என்பது மற்றொன்று. ஆங்கிலம் 'எப்படி' என்பதை வினையில் வைத்துவிட்டு, திசையை 'இன்', 'அவுட்', 'அப்', 'அக்ராஸ்' போன்ற குட்டிச் சொற்களிடம் விட்டுவிடுகிறது. ஸ்பானிஷ் நேர் எதிர்: திசை வினைக்குள்ளேயே இருக்கிறது, 'எப்படி' என்பது வேண்டுமானால் பின்னால் வரும்.

லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970களிலிருந்தே இதை எழுதி வந்தார், 1985இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரைக்குப் பிறகு இது மொழியியலில் பெரிய பேச்சானது. திசையை வினையில் வைக்கும் மொழிகள், வினைக்கு வெளியே ஒட்டுச்சொல்லில் வைக்கும் மொழிகள் என்று அவர் பிரித்தார். முதல் கூட்டத்தில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, துருக்கி, ஜப்பானியம் எல்லாம் வரும். இரண்டாவதில் ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன். எந்த மொழியும் நூற்றுக்கு நூறு ஒரே கட்சியில் இருப்பதில்லை. ஆங்கிலத்திலேயே 'என்டர்', 'டிஸெண்ட்' என்று பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த திசை வினைகள் உண்டு. ஆனால் தெருவில் பேசும்போது 'டிஸெண்ட்' என்று யாரும் சொல்வதில்லை, 'கோ டவுன்' தான். ஸ்பானிஷிலோ 'பஹார்' (இறங்கு) அன்றாடச் சொல்.

அப்படியானால் 'கொர்ரியோ' முதன்மை வினையாக வரவே வராதா? 'கொர்ரியோ ஆஸ்தா லா காஸா' என்று படித்தேனே.

வரும், நீங்கள் படித்ததும் சரிதான். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதை விளக்காமல் விட்டுவிடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு எல்லைக்கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசற்படி, ஆற்றின் கரை, அறையின் கதவு, தெருவின் விளிம்பு, இப்படி ஏதோ ஒன்று. நகர்கிறவர் அந்தக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டார் என்றால் ஸ்பானிஷ் திசை வினையைக் கேட்கிறது. தாண்டவில்லை என்றால் விட்டுவிடுகிறது.

'கொர்ரியோ ஆஸ்தா லா காஸா' என்றால் வீடு வரை ஓடினான். வாசலில் நின்றுவிட்டான், கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே ஓட்டமே முதன்மை வினையாக இருக்கலாம். 'கொர்ரியோ ஆஸியா லா காஸா' (வீட்டை நோக்கி ஓடினான்) இன்னும் எளிது, போய்ச் சேர்ந்தானா என்பதுகூடத் தெரியாது. 'கொர்ரியோ போர் எல் பார்க்கே' (பூங்காவில் ஓடினான்) என்பதிலும் சிக்கல் இல்லை. ஆனால் பூங்காவின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தான் என்று சொல்ல நினைத்தால் 'ஆத்ராபெஸோ எல் பார்க்கே கொர்ரியெந்தோ', அதாவது பூங்காவை ஓடியபடி கடந்தான் என்று மாறிவிடும். ஆங்கிலத்தில் 'ரான் த்ரூ த பார்க்' என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் ஓடிவிடும், ஸ்பானிஷ் உங்களை முடிவு செய்ய வைக்கும்.

நீச்சலுக்கும் அதே கணக்குதான். 'நாதோ ஆஸ்தா லா ஓரீயா' என்றால் நீந்திக் கரை வரை வந்தான், சரி. ஆற்றை நீந்திக் கடந்தான் என்றால் 'க்ரூஸோ எல் ரீயோ ஆ நாதோ'.

'படிக்கட்டில் மேலே', 'தெருவில் கீழே' என்பவையும் கோடு தாண்டாத நகர்வுகள்தாம். அதனால் 'கொர்ரியோ எஸ்கலேராஸ் ஆர்ரீபா' (படிகளில் மேல்நோக்கி ஓடினான்) என்று கதைகளில் நிறையவே பார்க்கலாம். 'ஸுபியோ லாஸ் எஸ்கலேராஸ் கொர்ரியெந்தோ' என்பதும் அதே பொருள்தான், பேச்சில் இதுதான் அதிகம் வரும்.

இந்த எல்லை விஷயத்தை 1989இல் மொழியியலாளர் யோன் ஆஸ்கே எடுத்துக்காட்டினார், பிறகு டான் ஸ்லோபினும் மற்றவர்களும் அதை நன்றாக வளர்த்தார்கள். பெயர்கள் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'தாண்டினானா இல்லையா' என்ற கேள்வி நினைவில் இருந்தால் போதும்.

குதிப்பதற்கும் இதே விதியா?

இல்லை, இங்கே ஒரு சந்து உண்டு. 'ஸால்தோ அல் ஆகுவா' (தண்ணீரில் குதித்தான்), 'ஸே தீரோ ஆ லா பிஸீனா' (நீச்சல்குளத்தில் பாய்ந்தான்) என்று நேராகச் சொல்லலாம், கோடு தாண்டியும்கூட. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும் செயல் என்றால், செய்ததும் தாண்டியதும் ஒன்றாகவே தெரிகிறது, பிரிக்க இடமில்லை. ஓட்டம், நடை, நீச்சல், தவழ்தல் எல்லாம் நேரம் எடுப்பவை, அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தமிழிலும் 'ஓடி வந்தான்', 'நீந்திக் கடந்தான்' என்றுதானே சொல்கிறோம்? பிறகு ஏன் எல்லோரும் ஆங்கிலம் வழியாகவே இதை விளக்குகிறார்கள்?

பாடப்புத்தகங்களை எழுதியவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதினார்கள், நாமும் அதையே வாங்கிப் படிக்கிறோம், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை குறையும் என்பது என் கருத்து.

பாருங்கள்: நாம் பஸ்ஸில் ஏறுகிறோம், மலையில் ஏறுகிறோம், படியில் ஏறுகிறோம், எல்லாவற்றுக்கும் 'ஏறு' ஒன்றே. ஆங்கிலத்தில் இதற்கு 'கெட் ஆன்', 'க்ளைம்ப்', 'கோ அப்' என்று மூன்று. ஸ்பானிஷில் 'ஸுபீர்' ஒன்றே போதும், பஸ்ஸுக்கும் அதுதான். 'இறங்கு' என்பதற்கு 'பஹார்', அதுவும் பஸ்ஸுக்கும் படிக்கும் பொது. 'கட' என்பது 'க்ரூஸார்', 'நுழை' என்பது 'என்த்ரார்'. திசையை வினையில் வைக்கும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

சொல்வரிசை மட்டும் தலைகீழ். தமிழில் 'நொண்டித் தெருவைக் கடந்தான்' என்பதில் 'நொண்டி' முதலில் வந்து 'கடந்தான்' கடைசியில் வருகிறது. ஸ்பானிஷில் 'க்ரூஸோ லா காயே கோஹெயாந்தோ', அதாவது கடந்தான், தெருவை, நொண்டியபடி.

ஆனால் முழுவதுமாகத் தமிழை நம்பி இறங்கிவிடவும் கூடாது. 'பையன் வீட்டுக்குள் ஓடினான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. '-க்குள்' என்ற ஒட்டே கோட்டைத் தாண்ட வைத்துவிடுகிறது. ஸ்பானிஷ் அதை அனுமதிக்காது. எழுதத் தொடங்கும்போது வாக்கியத்தை முதலில் 'ஓடி நுழைந்தான்' என்று மாற்றிக்கொண்டால் சரியான இடத்தில் போய் நிற்பீர்கள்.

'ஓடி வந்து உட்கார்ந்தான்' என்று எழுத, 'கொர்ரியெந்தோ' போன்ற 'ந்தோ' வடிவத்தை இரண்டு முறை போட்டேன். ஆசிரியர் ஒன்றை அடித்துவிட்டார். ஏன்?

தமிழர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. நம்முடைய வினையெச்சம் இரண்டு வேலை பார்க்கிறது. 'ஓடி வந்தான்' என்பதில் 'ஓடி' என்பது எப்படி வந்தான் என்று சொல்கிறது. ஓட்டமும் வரவும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 'வந்து உட்கார்ந்தான்' என்பதில் 'வந்து' என்பது முதலில் நடந்தது, உட்கார்ந்தது அதற்குப் பிறகு. வடிவம் ஒன்றே, வேலை வேறு. நமக்கு எது எது என்று யோசிக்காமலே புரிகிறது.

ஸ்பானிஷின் 'ந்தோ' வடிவம் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் 'இ' (மற்றும்) போட்டு இரண்டு முழு வினைகளாக எழுத வேண்டும். ஆகவே உங்கள் வாக்கியம் 'பீனோ கொர்ரியெந்தோ இ ஸே ஸென்தோ'. வந்தான், ஓடியபடி, பிறகு உட்கார்ந்தான்.

வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். 'ஓடி' என்பதை 'ஓடியபடியே' என்று மாற்றினால் பொருள் நிற்கிறதா? 'ஓடியபடியே வந்தான்', நிற்கிறது. அப்படியானால் 'கொர்ரியெந்தோ'. 'வந்து' என்பதை 'வந்தபடியே' என்று மாற்றுங்கள். 'வந்தபடியே உட்கார்ந்தான்' என்றால் நடந்துகொண்டே உட்கார்ந்த மாதிரி அபத்தமாகிறது. 'வந்தான், அப்புறம் உட்கார்ந்தான்' என்றால் சரியாக இருக்கிறது. அப்படியானால் 'இ'. இந்தச் சோதனையை ஒவ்வொரு வினையெச்சத்துக்கும் செய்து பாருங்கள், கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. 'என்த்ரோ என் லா காஸா, ஸென்தாந்தோஸே என் எல் ஸோஃபா' (வீட்டுக்குள் வந்தான், சோஃபாவில் உட்கார்ந்தபடி) என்று, பின்னால் நடந்ததை 'ந்தோ'வில் எழுதுவது. ஸ்பானிஷ் இலக்கணக்காரர்கள் இதைத் தனிப் பெயர் வைத்தே கண்டிக்கிறார்கள். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

இன்னொன்று, இது மாறாத வடிவம். அவன், அவள், அவர்கள் யார் வந்தாலும் 'கொர்ரியெந்தோ'தான், பாலும் எண்ணும் பார்க்க வேண்டியதில்லை. '-ஆர்' என முடியும் வினைக்கு '-ஆந்தோ', '-ஏர்', '-ஈர்' முடிவுகளுக்கு '-இயெந்தோ'. விதிவிலக்குகள் கொஞ்சம்தான்.

ஆங்கிலத்தில் 'ஷீ ரான் அவுட் ஆஃப் த ஹவுஸ், டவுன் த ஸ்டெப்ஸ் அண்ட் அக்ராஸ் த ஸ்ட்ரீட்' என்று ஒரே வினையை வைத்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். இதை எப்படி மொழிபெயர்ப்பது?

'ஸாலியோ கொர்ரியெந்தோ தெ லா காஸா, பாஹோ லாஸ் எஸ்கலேராஸ் இ க்ரூஸோ லா காயே.'

ஆங்கிலத்தில் 'ரான்' ஒன்றுதான் வினை, மூன்று இடங்களும் அதில் தொங்குகின்றன. ஸ்பானிஷில் திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் புது வினை வேண்டும்: வெளியே வந்தாள், இறங்கினாள், கடந்தாள். ஆகவே மூன்று வினைகள். ஓட்டமோ ஒரே ஒரு முறைதான் சொல்லப்பட்டிருக்கிறது, முதல் வினையோடு. இரண்டாவது, மூன்றாவதுக்கும் 'கொர்ரியெந்தோ' போட்டால் வாக்கியம் சலிப்பூட்டும், கேட்கிறவருக்கும் தேவையில்லை, அவள் வேகமாகப் போயிருப்பாள் என்று அவரே புரிந்துகொள்வார். தமிழில் 'வீட்டிலிருந்து ஓடி வந்து, படியிறங்கி, தெருவைக் கடந்தாள்' என்று சொல்லிப் பாருங்கள், நாமும் ஓட்டத்தை ஒரு முறைதான் சொல்கிறோம்.

வழி நெடுகப் பல இடங்களைச் சொல்ல வேண்டியிருக்கும்போது ஸ்பானிஷ் எழுத்தாளர்கள் பெரும்பாலும் சிலவற்றை விட்டுவிடுவார்கள், அல்லது அந்த இடத்தைத் தனியாக வர்ணித்துவிட்டு ஒரு வினையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அப்போது 'எப்படி' என்பதை எப்போதும் சொல்ல வேண்டுமா? விட்டால் குறையாகுமா?

ஆகாது. சொல்லாமல் விடுவதுதான் ஸ்பானிஷில் இயல்பு. ஒருவர் நடந்து உள்ளே வந்தால் வெறும் 'என்த்ரோ' போதும். 'என்த்ரோ காமினாந்தோ' (நடந்தபடி நுழைந்தான்) என்று சொன்னால் கேட்கிறவர், ஏன், அவர் சக்கர நாற்காலியிலா வந்திருக்க வேண்டும் என்று யோசிப்பார். ஆங்கிலத்து 'வாக்ட் இன்' என்பதில் அந்த எண்ணமே வராது.

டான் ஸ்லோபின் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்து, தொலைந்துபோன ஒரு தவளையைத் தேடும் பையனைப் பற்றிய சொற்கள் இல்லாத படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார். அதில் மரப்பொந்திலிருந்து ஓர் ஆந்தை வெளியே வரும் படம் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் பலர் 'பறந்து வந்தது', 'பொத்தென்று எட்டிப் பார்த்தது' என்கிற மாதிரி விதத்தைச் சொல்லும் வினைகளைப் போட்டார்கள். ஸ்பானிஷ்காரர்கள் 'ஸாலே உன் பூஓ', அதாவது ஓர் ஆந்தை வெளியே வருகிறது என்பதோடு விட்டுவிட்டார்கள். ஆந்தை என்றால் பறந்துதான் வரும், தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

இதனால் மொழிபெயர்ப்பில் இரண்டு பக்கமும் ஓட்டை விழும். ஆங்கில நாவலை ஸ்பானிஷில் பெயர்க்கும்போது தள்ளாட்டம், பதுங்கல், நொண்டல் எல்லாம் பாதி வழியில் உதிர்ந்துவிடும். ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இல்லாதது ஒட்டிக்கொள்ளும். மொழியியலாளர் லூனா ஃபிலிபோவிச் சாட்சி வாக்குமூலங்களின் மொழிபெயர்ப்பை ஆராய்ந்து இதைக் காட்டியிருக்கிறார். சாட்சி 'ஸாலியோ' (வெளியே வந்தான்) என்று மட்டும் சொல்லியிருக்க, மொழிபெயர்ப்பாளர் 'ஓடினான்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடினவன் குற்றவாளி போலத் தெரிவான்.

எல்லாவற்றையும் 'ந்தோ'வில்தான் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை, சில இடங்களில் வேறு தொடர்தான் முதலில் வாயில் வரும். நடந்து என்றால் 'ஆ பியே', நீந்தி என்றால் 'ஆ நாதோ', குதிரையில் என்றால் 'ஆ கபாயோ', தவழ்ந்து என்றால் 'ஆ காத்தாஸ்' (பூனைகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து), நுனிக்காலில் என்றால் 'தெ புன்தீயாஸ்'. 'பாஹோ லா எஸ்கலேரா தெ புன்தீயாஸ்' என்றால் நுனிக்காலால் படியிறங்கினாள். ஆங்கிலத்தில் நுனிக்கால் நடையே ஒரு வினையாக இருப்பதால், அதற்கு ஸ்பானிஷில் ஒரு வினையைத் தேடி நேரத்தை வீணடிக்காதீர்கள்.

நகர்வைத் தாண்டியும் இதே போக்கு உண்டு. கதவை உதைத்துத் திறந்தான்: 'ஆப்ரியோ லா புவெர்தா தெ ஊனா பாதாதா', திறந்தான், ஓர் உதையால். 'திறந்தான்' என்பதே முதன்மை வினை, தமிழிலும் அப்படித்தான்.

'ஸாலீர்' என்ற சொல் குதிப்பதோடு தொடர்புடையது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். லத்தீனில் 'ஸலீரே' என்றால் குதிப்பது. விதத்தைச் சொன்ன வினை ஸ்பானிஷில் தேய்ந்து வெறும் 'வெளியே போ' ஆகிவிட்டது. குதிப்பதற்கு அதே குடும்பத்தின் 'ஸால்தார்' நின்றுகொண்டது. லத்தீன் திசையை வினையின் முன்னொட்டில் வைத்த மொழி, அந்த வகையில் ஆங்கிலத்துக்குத்தான் பக்கம். மகள் கட்சி மாறிவிட்டாள்.

'என்த்ரோ' என்றால் உள்ளே வந்தானா, உள்ளே போனானா?

இரண்டும். சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பது 'என்த்ரார்', 'ஸாலீர்' வினைகளுக்குக் கவலையில்லை. நமக்கு 'வந்தான்', 'போனான்' என்று சொல்லாவிட்டால் வாய் நிற்காது, அதனால் 'பீனோ', 'ஃபுவே' என்று தேவையில்லாமல் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள்.

வா, போ தேவைப்படும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் நாம் 'இதோ வரேன்' என்போம். ஸ்பானிஷில் பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கினால்தான் வரவு, அவர் அங்கிருந்து கிளம்பினால் போதல். ஆகவே பதில் 'யா போய்', இதோ போகிறேன். காதுக்கு 'போய்' என்றே விழுவதால் நமக்கு மறக்காது.

'என்த்ரார் என்' சரியா, 'என்த்ரார் ஆ' சரியா?

ஸ்பெயினில் 'என்' அதிகம், லத்தீன் அமெரிக்காவில் 'ஆ' அதிகம். இரண்டும் சரி. உங்கள் ஆசிரியர் எந்த ஊர்க்காரரோ அவர் சொல்கிறபடி எழுதிவிடுங்கள்.

'ஸே ஃபுவே கொர்ரியெந்தோ' என்றால் உண்மையிலேயே ஓடினானா?

சில நேரம் இல்லை. பேச்சில் 'கொர்ரியெந்தோ' என்பது 'அவசரமாக' என்ற பொருளிலும் வரும், 'போலாந்தோ' (பறந்தபடி) என்பதும் அப்படியே. பேருந்து வந்துவிட்டது, 'மே போய் போலாந்தோ' என்றால் பறந்துவிடுவேன் என்றல்ல, உடனே கிளம்புகிறேன் என்று பொருள். பறவையைப் பற்றிச் சொன்னால் மட்டும் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள்: 'எல் பாஹரோ ஸாலியோ போலாந்தோ', பறவை பறந்து போய்விட்டது.